கறையானின் குடலில் மரம் வினிகராவது எப்படி?

*"பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குக் கறையானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரத்தைச் செரிப்பது கறையானா, அதன் குடலில் இருக்கும் நுண்ணுயிர்களா? பள்ளி மைக்ரோஸ்கோப்பில் அவற்றைக் காட்ட முடியுமா? தோட்டத்துக் கறையானை எடுத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அந்த நுண்ணுயிர்களைக் கொன்றுவிட்டால் கறையான் தொல்லை தீருமா? மரம் தின்னும் மற்ற பூச்சிகளும் இப்படித்தானா?"*

உங்கள் ஸ்லைடில் ஒன்றும் தெரியாமல் போனதற்கு, தப்பான கறையானை எடுத்ததுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். பாடப்புத்தகங்கள் சொல்லும் "கறையான் குடலில் வாழும் புரோட்டோசோவா" எல்லாக் கறையானிலும் கிடையாது. தோட்டத்தில் மண் பூசிக்கொண்டு மரத்தில் ஏறுவதும், ஆளுயரப் புற்று கட்டுவதும் நம் ஊரில் பெரும்பாலும் ஒடோன்டோடெர்மஸ் வகை. அதன் குடலில் பாக்டீரியா நிறைய உண்டு, நீங்கள் தேடிய பெரிய ஒருசெல் உயிரிகள் இல்லை. அது மரத்தைச் செரிக்கும் வழியே வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், புரோட்டோசோவா உள்ள கறையானின் கதை. வேதியியலில் சுவையானது அதுதான்.

மரம் என்பது ஏறத்தாழ பாதி செல்லுலோஸ், கால் பங்கு ஹெமிசெல்லுலோஸ், மிச்சக் கால் பங்கு லிக்னின். செல்லுலோஸ் வெறும் குளுக்கோஸ்தான். ஆனால் ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் நேர்கோட்டில் கோத்து, அந்தக் கோவைகள் பக்கம் பக்கமாகப் படிகம் போல இறுகி, அதன்மேல் லிக்னின் சாந்து பூசியது போல அப்பியிருக்கும். அரிசி மாவும் குளுக்கோஸ்தான். அதில் பிணைப்பு வேறு, கோவைகள் தளர்வு. அதனால் நம் எச்சில் பட்டாலே உடையத் தொடங்குகிறது. மரத்தூளை எச்சிலில் எத்தனை நாள் ஊற வைத்தாலும் அப்படியே இருக்கும்.

வேலைக்காரக் கறையான் மரத்தை முதலில் தாடையால் சுரண்டுகிறது. பிறகு முன்குடலில் இருக்கும் பல் வைத்த அரைவைப் பை அதை அரைக்கிறது. பின்குடலுக்குப் போய்ச் சேரும்போது துகள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். இந்த அரைவையைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். லிக்னின் பூச்சு உடைந்து, நொதி உட்காரப் புது முகங்கள் கிடைப்பது இங்கேதான்.

அடுத்து, "கறையானா, நுண்ணுயிரா?" என்ற கேள்வி. 1990-கள் வரை பெரும்பாலான புத்தகங்கள் "நுண்ணுயிர்தான், கறையானிடம் செல்லுலோஸைச் சிதைக்கும் நொதி இல்லை" என்றே எழுதின. 1998-இல் வாதனபேயும் கூட்டாளிகளும் ஜப்பானியக் கறையான் ஒன்றின் சொந்த மரபணுத் தொகுதியிலேயே செல்லுலேஸ் மரபணு இருப்பதைக் காட்டினார்கள். அந்த நொதி எச்சில் சுரப்பியில் ஊறுகிறது. ஆகவே விடை, இரண்டுமே. ஆனால் சமபங்கு இல்லை. கறையானின் சொந்த நொதி செல்லுலோஸில் தளர்ந்து கிடக்கும் இடங்களைத்தான் நடுவில் வெட்டும். படிகமாக இறுகிய கோவையை நுனியிலிருந்து உரித்தெடுக்கும் நொதி அதனிடம் இல்லை. அது பின்குடலில் இருப்பவர்களிடம்தான் இருக்கிறது. நடுக்குடலில் கிடைக்கும் கொஞ்சம் குளுக்கோஸைக் கறையான் நேரடியாக உறிஞ்சிக்கொள்ளும். பெரும்பகுதி மரம் துகளாகவே பின்குடலுக்குப் போகும்.

பின்குடலின் முன்பகுதி பை போல உப்பியிருக்கும். கொள்ளளவு ஏறத்தாழ ஒரு மைக்ரோலிட்டர், அதாவது ஒரு மழைத்துளியில் சின்னப் பங்கு. அதற்குள்தான் பாடப்புத்தகம் சொல்லும் அந்தப் புரோட்டோசோவா, அதாவது கசையிழை உயிரிகள், நெரிந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்காவில் ஜோசப் லைடி 1870-களின் பிற்பகுதியில் இவற்றைக் கண்டு விவரித்தபோது ஒட்டுண்ணிகள் என்றே நினைத்தார். மரத்துகளை வாயில்லாமலே உடம்பால் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொண்டு, செல்லுக்குள் வைத்துச் செரிக்கின்றன இவை. காப்டோடெர்மஸ் வகைக் கறையானை எடுத்துக்கொண்டால், தைவான், ஜப்பான் பக்கத்து காப்டோடெர்மஸ் ஃபார்மோசானஸில் மூன்று வகை உயிரிகள் வேலையைப் பங்கு போட்டிருக்கின்றன. பெரியது சூடோடிரைகோனிம்ஃபா. பையின் முன்பக்கம் நின்று, இறுகிய செல்லுலோஸைக் கையாள்வது அதுதான். நடுத்தரமானது ஹோலோமாஸ்டிகோடாய்ட்ஸ். சிறியது ஸ்பைரோடிரைகோனிம்ஃபா; பின்பக்கம் இருந்து, ஏற்கெனவே துண்டாகிப்போன குட்டைக் கோவைகளை எடுத்துக்கொள்கிறது. மரத்துக்குப் பதில் மாவுச்சத்தை மட்டும் கொடுத்து வளர்த்தால் பெரியவர் முதலில் காணாமல் போவார். அவருக்கு அங்கே வேலை இல்லை.

இவை ஒட்டுண்ணியல்ல என்று நிரூபித்தவர் எல்.ஆர். கிளீவ்லண்ட், 1920-களில். அவர் செய்த சோதனை வகுப்பில் அப்படியே சொல்லத் தக்கது. ரெட்டிகுலிடெர்மஸ் கறையான்களை 36 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைத்தார். கறையான் பிழைத்தது, கசையிழை உயிரிகள் செத்தன. அதன்பின் அந்தக் கறையான்கள் மரத்தை வழக்கம்போல் தின்றன, குடல் நிறைந்தது, ஆனாலும் சில வாரங்களில் பட்டினியால் செத்தன. அவற்றுக்கே மீண்டும் கசையிழை உயிரிகளை ஏற்றினால் பிழைத்தன. பூஞ்சை ஏற்கெனவே அரித்துவைத்த செல்லுலோஸைக் கொடுத்தாலும் பிழைத்தன. இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சூட்டில் கறையானுக்கே ஏதோ கெட்டுப்போய்ச் செத்தது என்ற ஐயத்தை நீக்குவது அதுதான். சூட்டுக்குப் பதில் அழுத்தமான ஆக்சிஜனில் வைத்தும் இதையே செய்து காட்டினார். ஆக்சிஜன் இந்த உயிரிகளுக்கு நஞ்சு. இது ஸ்லைடு போடும்போது உங்களுக்கு வேண்டிய செய்தி.

செல்லுலோஸ் குளுக்கோஸாகிவிட்டால் கதை முடிந்தது, கறையான் குளுக்கோஸைக் குடிக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. பின்குடலில் ஆக்சிஜன் இல்லை. கசையிழை உயிரிக்கும் வயிறு இருக்கிறது. அது குளுக்கோஸை நொதிக்க வைத்துத் தன் ஆற்றலை எடுத்துக்கொண்டு, கழிவை வெளியே விடுகிறது. அந்தக் கழிவு இதுதான்:

```
C6H12O6 + 2 H2O → 2 CH3COOH + 2 CO2 + 4 H2
```

CH3COOH என்பது அசெட்டிக் அமிலம், வினிகரின் புளிப்பு. கறையான் உறிஞ்சிக்கொள்வது இதைத்தான். பின்குடல் சுவர் வழியே அது ரத்தத்தில் கலந்து, தசைக்கும் முட்டைக்கும் கொழுப்புக்கும் போகிறது. கறையான் மூச்சுவிட எரிக்கும் எரிபொருளில் பெரும்பங்கு இந்த அசிட்டேட்தான் என்று 1983-இல் பிரெஸ்னாக்கின் ஆய்வகம் அளந்து காட்டியது. சில அளவுகளில் கிட்டத்தட்ட முழுத் தேவையுமே அதிலிருந்து வருகிறது.

இப்போது சமன்பாட்டை எண்ணிப் பாருங்கள். உள்ளே போனது ஆறு கார்பன். அசிட்டேட்டாகக் கறையானுக்குக் கிடைத்தது நான்கு. இரண்டு கரிவளியாகப் போகிறது. கூடவே நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறு. ஹைட்ரஜன் நல்ல எரிபொருள். வாயுவாக வெளியேறினால் அத்தனையும் நட்டம். அதோடு ஹைட்ரஜன் தேங்கினால் நொதித்தலே திணறும். மாட்டின் வயிற்றில் இதே சிக்கலை மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் தீர்க்கின்றன. மாடு ஏப்பம் விடுகிறது, ஆற்றல் காற்றோடு போகிறது. மரம் தின்னும் கறையானின் குடலில் வேறொரு கூட்டம் அந்த ஹைட்ரஜனையும் கரிவளியையும் சேர்த்து இன்னொரு அசிட்டேட் செய்கிறது:

```
4 H2 + 2 CO2 → CH3COOH + 2 H2O
```

இரண்டையும் கூட்டினால் எல்லாம் கழிந்து மிஞ்சுவது இவ்வளவே:

```
C6H12O6 → 3 CH3COOH
```

ஆறு கார்பனும் கறையானுக்கே. குளுக்கோஸை எரித்தால் மோலுக்கு ஏறத்தாழ 2800 கிலோஜூல். ஒரு மோல் அசெட்டிக் அமிலத்தை எரித்தால் ஏறத்தாழ 875. மூன்றுக்கு 2625. ஆக நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கறையானின் கைக்கு வந்துவிடுகிறது. இரண்டு அசிட்டேட்டோடு நின்றிருந்தால் 1750, அதாவது அறுபதைத் தாண்டிக் கொஞ்சம். மூன்றில் ஒரு அசிட்டேட் இந்த இரண்டாம் கூட்டத்தின் கொடை. உண்மையான குடலில் கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்காது. கொஞ்சம் மீத்தேனும் கொஞ்சம் ஹைட்ரஜனும் தப்பிப்போகும், நுண்ணுயிர்களும் தங்கள் உடம்புக்கென்று ஒரு பங்கை வைத்துக்கொள்ளும்.

அந்த இரண்டாம் கூட்டம் யார் என்பது வெகுநாள் தெரியவில்லை. குடல் முழுக்க நெளியும் திருகுச்சுருள் பாக்டீரியாக்களை எல்லோரும் பார்த்திருந்தார்கள், வளர்க்கத்தான் முடியவில்லை. 1999-இல் லெட்பெட்டரும் பிரெஸ்னாக்கும் கூட்டாளிகளும் அவற்றில் ஒன்றைத் தனித்து வளர்த்து, ஹைட்ரஜனையும் கரிவளியையும் கொண்டு அசிட்டேட் செய்வது அதுதான் என்று காட்டினார்கள். பின்னர் அதற்கு டிரெபோனீமா பிரைமிஷியா என்று பெயர் வைத்தார்கள். மேகநோயை உண்டாக்கும் கிருமியின் உறவுக்காரர். இங்கே கறையானுக்குச் சோறு போடுகிறார்.

மீத்தேன் செய்பவை ஹைட்ரஜனை இன்னும் குறைந்த அளவிலேயே பிடிக்கக்கூடியவை. அப்படியிருந்தும் அவை ஏன் இங்கே வெல்லவில்லை? ஒரு பகுதி விடை, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஆண்ட்ரியாஸ் புரூன் 1990-களில் மிக நுண்ணிய ஊசிமுனை மின்வாய்களைக் கறையான் குடலில் செருகி, சுவரிலிருந்து நடுவரை வாயுக்களை அளந்தார். ஆக்சிஜனே இல்லாத நொதிக்கலன் என்று நினைத்திருந்த குடலுக்குள் சுவர் வழியே ஆக்சிஜன் கசிந்து, 150 முதல் 200 மைக்ரோமீட்டர் ஆழம் வரை எட்டுகிறது. ஒரு மில்லிமீட்டர் தடிமன் உள்ள குழாயில் இது எவ்வளவு என்று பாருங்கள். ஆரம் 500 மைக்ரோமீட்டர்; அதில் 150 போனால் நடுவில் மிஞ்சும் ஆரம் 350. பரப்பு ஆரத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், 0.7 × 0.7, ஏறத்தாழ பாதி இடம்தான் ஆக்சிஜன் அற்றது. மாட்டு வயிற்றில் இந்தத் தோல் அளவு ஆக்சிஜன் ஒரு பொருட்டே இல்லை. கறையான் குடலில் அது பாதி வீடு. சுவரை ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் அந்த ஆக்சிஜனைத் தின்று நடுப்பகுதியைக் காக்கின்றன. ரெட்டிகுலிடெர்மஸில் மீத்தேன் செய்பவையும் சுவரோரமாகவே ஒட்டிக் கிடக்கின்றன; அங்கே வந்து சேரும் ஹைட்ரஜன் குறைவு. கசையிழை உயிரிகள் ஹைட்ரஜனைக் கொட்டும் நடுப்பகுதியில் நீந்திக்கொண்டிருப்பவை திருகுச்சுருள்கள். முதல் பந்தியில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவருக்குச் சாப்பாடு.

கார்பன் கணக்கு தீர்ந்தது. நைட்ரஜன்? மரத்தில் நைட்ரஜன் பெரும்பாலும் அரை விழுக்காட்டுக்கும் கீழே; பூச்சியின் உலர் உடம்பில் ஏறத்தாழ பத்து விழுக்காடு. மரத்தை மட்டும் தின்று புரதம் சேர்ப்பது, பழைய சோற்று நீரை மட்டும் குடித்து உடம்பு தேற்றுவது போல. இதற்கு விடை செல்லுக்குள் செல்லாக இருக்கிறது. சூடோடிரைகோனிம்ஃபாவின் செல்லுக்குள்ளேயே ஏராளமான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. 2008-இல் ஹோங்கோவும் குழுவினரும் அவற்றின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, காற்றின் நைட்ரஜனைப் பிடிப்பதற்கும் அதை அமினோ அமிலமாக்குவதற்கும் வேண்டிய மரபணுக்கள் அதில் இருந்தன. ஆகக் கறையானுக்குள் கசையிழை உயிரி, அதற்குள் பாக்டீரியா. வெளியிலிருக்கும் இரண்டும் மரத்தைக் கொடுக்கின்றன; உள்ளிருப்பது காற்றிலிருந்து உரம் செய்கிறது. இவற்றில் ஒன்றை மட்டும் பிரித்துச் சோதனைக்குழாயில் வளர்ப்பது ஏன் அவ்வளவு கடினம் என்பதும் இதிலிருந்தே புரியும்.

உங்கள் மூன்றாவது கேள்வி, இவற்றைக் கொன்றால் தொல்லை தீருமா என்பது. ஆய்வகத்தில் தீரும். கசையிழை உயிரிகளைக் கொல்லும் மருந்துகள் இருக்கின்றன. வயிற்றுப்போக்குக்கு மனிதர்கள் சாப்பிடும் மெட்ரோனிடசோலே அவற்றில் ஒன்று. வீட்டில் அது நடக்காது. காரணத்தைத் தெரிந்துகொள்ளக் கறையான் தோலுரிப்பதைப் பார்க்க வேண்டும். பூச்சியின் பின்குடல் உள்ளே மடிந்த தோல்தான். தோலுரிக்கும்போது அதன் உட்பூச்சும் சேர்ந்து கழன்று போகிறது. குடலில் இருந்த கசையிழை உயிரிகள் அத்தனையும் போய்விடுகின்றன. தோலுரித்த கறையான் கூட்டாளியின் பின்புறத்தை உணர்கொம்பால் தட்டிக் கேட்கும். அது ஒரு துளி பின்குடல் நீரை விடும். இது அதை நக்கிக்கொள்ளும். சாதாரண மலம் இல்லை அது, உயிரிகள் நெளியும் நீர். முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கும் இப்படித்தான் முதல் குடிகள் கிடைக்கின்றன. எனவே கூட்டத்தில் நூற்றில் தொண்ணூறு கறையானின் குடலைக் காலி செய்தாலும், மிஞ்சிய பத்து மற்றவற்றுக்கு மீண்டும் ஊட்டிவிடும். தனியாகப் பிடித்துவந்து டப்பாவில் போட்ட ஒற்றைக் கறையான் அடுத்த தோலுரிப்புக்குப் பின் ஏன் தேறுவதில்லை என்பதும் இதனால்தான். வகுப்பில் வைத்துக் காட்டுவதென்றால் ஐந்து பத்து போதாது, நூறாவது வேண்டும். ஈரமான வடிதாளோ, அவை தின்றுகொண்டிருந்த அதே மரத்துண்டோ கூட வேண்டும்.

இரைப்பொறியாக வைக்கும் கறையான் மருந்துகளில் பல குடல் உயிரிகளைத் தொடுவதே இல்லை. அவை கைட்டின் உண்டாவதைத் தடுக்கின்றன. கறையான் அடுத்த முறை தோலுரிக்கும்போது புதுத் தோல் அமையாமல் சாகிறது. மருந்து மெதுவாக வேலை செய்வதால் கூட்டம் முழுக்க வாய்க்கு வாய் பரவ நேரம் கிடைக்கிறது. "வைத்து ஒரு வாரமாகிறது, இன்னும் ஓடுகிறதே" என்று பெட்டியைக் கலைத்துப் பார்ப்பவர்கள் கெடுத்துக்கொள்வது இதைத்தான். கலைத்த இடத்தைக் கறையான் கைவிட்டுப் போய்விடும்.

இனி ஸ்லைடு. முதலில் சரியான கறையான். இரண்டு வகையைத் தேடலாம். ஒன்று உலர்மரக் கறையான். மண் பூச்சே இருக்காது. பழைய நாற்காலி, சட்டம், புத்தக அலமாரிக்குக் கீழே கசகசா அளவில் ஆறு பட்டை தெரியும் உருண்டைகள் குவிந்திருந்தால் உள்ளே அது இருக்கிறது. கடற்கரை ஊர்களில் எளிதாகக் கிடைக்கும். இன்னொன்று காப்டோடெர்மஸ். இதன் காவல் கறையானைக் குச்சியால் சீண்டினால் நெற்றியில் உள்ள துளையிலிருந்து பால் போன்ற வெள்ளைத் துளி வரும். அந்தப் பால்துளியைப் பார்த்துவிட்டால் ஐயமே வேண்டாம். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் உயிருள்ள செடியையே குடையும் கறையான்களும் கசையிழை உயிரி உள்ள கூட்டத்தைச் சேர்ந்தவையே.

உப்புநீர் தயாரிப்பு எளிது. 100 மில்லி தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடி ஆறவிட்டு, அதில் 0.6 கிராம் உப்பு. கொதிக்கவைப்பது கரைந்த ஆக்சிஜனை விரட்ட. வெறும் தண்ணீரில் வைத்தால் செல்கள் நீரை உறிஞ்சி உப்பி வெடித்துவிடும். ஸ்லைடில் ஒரு துளி உப்புநீரை முன்பே வைத்துவிடுங்கள். வேலைக்காரக் கறையானை எடுத்து, ஒரு இடுக்கியால் மார்பைப் பிடித்து, இன்னொரு நுண்ணிடுக்கியால் வயிற்றின் கடைசி நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தால் குடல் நூல் போல வெளியே வரும். அதில் உப்பிய, பழுப்பேறிய பகுதிதான் பை. அதை மட்டும் துளிக்குள் வைத்து ஊசியால் கிழித்து, உடனே மூடுகண்ணாடி போட்டு, விளிம்பைச் சுற்றி வாசலின் பூசிவிடுங்கள். காற்று உள்ளே போகக்கூடாது. இழுப்பதிலிருந்து மூடுவது வரை ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

100 மடங்கில் முதலில் பாருங்கள். பையைக் கிழித்த இடத்திலிருந்து திருவிழா முடிந்து வெளிவரும் கூட்டம் போலக் கொட்டும். பெரியவை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் இருப்பதால் இந்த அளவிலேயே வடிவம் தெரியும். 400 மடங்கில் உடலெங்கும் அலையடிக்கும் கசையிழைகளும், செல்லின் பின்பாதியில் அடைந்து கிடக்கும் மரத்துகள்களும் தெரியும். அதே மடங்கில் சுற்றிலும் துடிக்கும் மெல்லிய நெளிவுகள்தான் திருகுச்சுருள்கள். வெளிச்சத்தைக் குறைத்து, ஒளித்திரையைச் சுருக்கிவைத்தால்தான் அவை கண்ணில் படும். போலராய்டுத் தகடு இரண்டு கிடைத்தால், ஒன்றை ஸ்லைடுக்குக் கீழும் மற்றதைக் கண்வில்லைக்கு மேலும் வைத்துத் திருப்பி வயலை இருட்டாக்குங்கள். உள்ளே விழுங்கப்பட்ட மரத்துகள்கள் மட்டும் வெளிச்சமாக மின்னும். படிகச் செல்லுலோஸ் ஒளியைத் திருப்புவதால் அப்படி. விழுங்கியது மரம்தான் என்பதற்கு மாணவர்களே கண்ணால் காணும் சான்று.

எல்லாம் நீந்தாமல் உருண்டையாக, அசைவின்றிக் கிடந்தால் ஆக்சிஜனோ தாமதமோ கெடுத்திருக்கிறது. அடுத்த கறையானை எடுங்கள். உப்பி வெடித்த தோல்களாகக் கிடந்தால் உப்பு போதவில்லை. கறையான் ஓடியாடுகிறது, குடல் வெளிறியிருக்கிறது, உள்ளே பாக்டீரியா மட்டும் இருக்கிறது என்றால், ஒன்று அது புற்றுக் கறையான், அல்லது அப்போதுதான் தோலுரித்தது. தோலுரித்தது பால்வெள்ளையாக இருக்கும். ஆகையால் வயிற்றின் தோல் வழியே பழுப்பு நிறம் தெரிகிற ஆளாகப் பார்த்து எடுங்கள். நல்ல ஸ்லைடும் நெடுநேரம் நிற்காது. பெரியவை முதலில் ஓயும். ஒரே ஸ்லைடை நாற்பது பேருக்குக் காட்ட முயலாமல் நான்கைந்து போடுங்கள், அல்லது கைப்பேசியைக் கண்வில்லையில் வைத்துப் படம் பிடியுங்கள்.

புற்றுக் கறையானுக்கு வருவோம். ஒடோன்டோடெர்மஸ் போன்றவை செரிமானத்தின் கடினமான பாதியை வயிற்றுக்கு வெளியே வைத்துவிட்டன. புற்றின் உள்ளே வெட்டிப்பார்த்தால் மூளை மடிப்பு போன்ற, பழுப்பு நிறப் பஞ்சுக் கட்டிகள் இருக்கும். அது பூஞ்சைத் தோட்டம். இளம் வேலைக்காரர்கள் கொண்டுவந்த இலை, சருகு, மரத்தை விழுங்கி, கூடவே தோட்டத்தில் குண்டூசித் தலை போல வெண்மையாகக் கிடக்கும் பூஞ்சை முடிச்சுகளையும் தின்று, இரண்டும் கலந்த பாதி செரித்த மலத்தைத் தோட்டத்தின் மேல் அடுக்காக வைக்கும். அந்த மலத்தில் பூஞ்சையின் வித்துகள் இருப்பதால் விதைப்பும் அதுவே. டெர்மிடோமைசிஸ் என்ற அந்தப் பூஞ்சை லிக்னின் பூச்சை அரித்து, செல்லுலோஸை இளக்கிவிடும். முற்றிய அடியடுக்கை முதிய கறையான்கள் தின்கின்றன. அதற்குள் கசையிழை உயிரிக்கு வேலையே மிச்சமில்லை. குடலில் பாக்டீரியா போதும். மழைக்குப் பின் புற்றில் முளைக்கும், நாம் பறித்துக் குழம்பு வைக்கும் புற்றுக்காளான் இதே பூஞ்சைதான். கறையான் வெளியேறிய தோட்டத்தை எடுத்து ஈரமான டப்பாவில் வைத்தால் சில நாளில் வேறொரு களைப்பூஞ்சை அதை மூடிவிடும். ஓயாமல் களையெடுத்துக்கொண்டிருந்தது கறையான் என்பது அப்போதுதான் தெரியும். இதையும் ஒரு வகுப்புச் சோதனையாக வைக்கலாம், கறையானை இழுத்துக் கிழிப்பதைவிட எளிது.

மற்ற பூச்சிகளில் ஒரே வழி கிடையாது. கிரிப்டோசெர்கஸ் என்ற மரக்கரப்பான் கறையானின் நெருங்கிய உறவு. அதன் குடலிலும் இதே கசையிழை உயிரிக் கூட்டம்தான். தென்னையைக் கெடுக்கும் காண்டாமிருக வண்டின் புழு எருக்குழியிலும் மக்கிய தென்னந்தண்டிலும் வளர்கிறது. அதன் பின்குடல் புடைத்த பை, உள்ளே பாக்டீரியா. சிதைந்து மக்கியதைத் தின்பதால் பாதி வேலை வெளியிலேயே முடிந்திருக்கும். புத்தகம் அரிக்கும் வெள்ளிப்பூச்சியில், குடல் நுண்ணுயிரை நீக்கியபின்னும் செல்லுலோஸ் செரிப்பதைக் கண்டிருக்கிறார்கள். அது சொந்த நொதியே.

மூங்கிலிலும் ரப்பர் மரச் சாமான்களிலும் முகப்பவுடர் போன்ற நைசான மாவைக் கொட்டும் உளுவண்டு இன்னும் வேறு. அது செல்லுலோஸைச் செரிப்பதே இல்லை. மரத்திலுள்ள மாவுச்சத்தையும் சர்க்கரையையும் எடுத்துக்கொண்டு, செல்லுலோஸை அப்படியே மாவாக வெளியே தள்ளிவிடுகிறது. வைரம் பாய்ந்த நடுமரத்தை அது தொடாமல் வெளிறிய புறமரத்தை மட்டும் துளைப்பதற்குக் காரணம், மாவுச்சத்து புறமரத்தில்தான் இருக்கிறது. கொட்டிக் கிடப்பது கசகசா உருண்டையா, நைசான மாவா என்று விரலில் தேய்த்துப் பார்த்தாலே, உள்ளே இருப்பது கறையானா உளுவண்டா என்று சொல்லிவிடலாம்.